நன்கொடை மருந்தை நம்பி எவ்வளவு பணத்தைக் குறைக்கலாம்? கிராமக் கிளினிக் பட்ஜெட்டுக்கு மூன்று வழிகள்

அறக்கட்டளை நடத்தும் கிராமக் கிளினிக்கில் மருந்துகளில் ஒரு பகுதியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், மறு பகுதி நன்கொடையாக வருகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் பட்ஜெட் போட உட்காரும்போது ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு வரியும் எழுத முடியாது: வரப்போகிற நன்கொடையைக் கணக்கில் வைத்து, வாங்குவதற்கான பணத்தை எவ்வளவு குறைக்கலாம்?

நடைமுறையில் மூன்று வழிகளைக் காணலாம். முதல் வழியில், இந்த ஆண்டு எவ்வளவு நன்கொடை வரும் என்று மதிப்பிட்டு, அதைத் தேவையிலிருந்து கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் பணம் ஒதுக்குவார்கள். இரண்டாவது வழியில், நன்கொடையே வராது என்று வைத்துக்கொண்டு முழுத் தேவைக்கும் பணம் ஒதுக்குவார்கள், வருவதெல்லாம் உபரி. மூன்றாவது வழியில் மருந்துப் பட்டியலையே பிரித்து, எந்தெந்த மருந்தில் நன்கொடையை நம்பலாம், எதில் நம்பவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். பெரும்பாலான சிறிய கிளினிக்குகளுக்கு மூன்றாவதுதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆனால் இரண்டாவது வழியே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. முதல் வழியை எங்கும் பரிந்துரைக்க முடியாது. ஏன் என்பதை ஒரே ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

முதலில் மாதத் தேவை

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் தேவையின் அளவு சரியாகத் தெரிய வேண்டும். பலரும் கடந்த ஆண்டு கொடுத்த மாத்திரைகளைக் கூட்டி 12-ஆல் வகுத்துவிடுகிறார்கள். மருந்து தீர்ந்துபோயிருந்த நாட்களில் யாருக்கும் எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள் அல்லவா? அந்த நாட்களையும் சேர்த்து வகுத்தால் தேவை குறைவாகத் தெரியும். குறைவாக வாங்குவார்கள், அடுத்த ஆண்டும் தீர்ந்துபோகும், அதற்கடுத்த ஆண்டு கணக்கு இன்னும் சுருங்கும்.

அதனால் இருப்பு இல்லாத நாட்களை 30.5-ஆல் வகுத்து மாதமாக்கி, 12-இலிருந்து கழித்துவிட்டு, மீதமுள்ள மாதங்களால் வகுக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிளினிக் ஆண்டில் 21,600 மாத்திரை கொடுத்திருக்கிறது. 61 நாட்கள் ஸ்டாக் இல்லை. 61 நாள் என்பது 2 மாதம். ஆகவே 21,600-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும்: மாதத்துக்கு 2,160, ஆண்டுக்கு 25,920. பன்னிரண்டால் வகுத்திருந்தால் 1,800 என்று வந்திருக்கும். ஆண்டு முழுதுக்கும் சேர்த்து 4,320 மாத்திரை குறைந்திருக்கும்.

இதை நோயாளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். தினம் ஒரு மாத்திரை எடுப்பவர்கள் 90 பேர் பதிவில் இருந்தால் மாதத்துக்கு 2,700 போயிருக்க வேண்டும். 2,160 மட்டுமே போகிறது என்றால் 72 பேருக்குத்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது. மீதி 18 பேர் வரவில்லையா, வெளியே வாங்குகிறார்களா, மருந்தையே நிறுத்திவிட்டார்களா என்று விசாரித்த பிறகுதான் எந்த எண்ணை வைத்துப் பட்ஜெட் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அவர்களைத் திரும்ப அழைத்துவரும் திட்டம் இருந்தால் 2,700-தான் சரியான எண்.

நன்கொடை மருந்துகளில் இதற்கு நேர்மாறான பிழை நடக்கும். அலமாரியில் நிறைய அமாக்சிசிலின் வந்து குவிந்த மாதங்களில் சளிக்கும் இருமலுக்கும்கூட அது எழுதப்பட்டிருக்கும். அந்த ஆண்டின் செலவைப் பார்த்தால் தேவை மிகுந்ததுபோலத் தெரியும், உண்மையில் மிகுந்தது வரத்து மட்டும்தான். அடுத்த ஆண்டு அதே அளவைப் பணம் கொடுத்து வாங்கினால் தவறான பழக்கத்துக்கு அறக்கட்டளையே செலவு செய்கிறது என்று ஆகும். ஆண்டிபயாடிக், வைட்டமின், இருமல் மருந்து ஆகிய மூன்றிலும் கடந்த ஆண்டுச் செலவை அப்படியே நம்பாமல், எத்தனை பேருக்கு எந்த நோய்க்கு எத்தனை நாள் என்ற கணக்கிலிருந்து தேவையைத் தருவிப்பது நல்லது.

18,000 மாத்திரை வந்தால் எத்தனை பயன்படும்?

இப்போது அதே அம்லோடிபின் 18,000 மாத்திரை தருவதாக ஒரு நன்கொடையாளர் சொல்கிறார். வந்து சேரும் நாளில் எக்ஸ்பைரிக்கு 5 மாதம் இருக்கும்.

முதல் வழியில் பட்ஜெட் போடுகிறவர் 25,920-இலிருந்து 18,000-ஐக் கழித்து, 7,920 வாங்கினால் போதும் என்று எழுதுவார். தாளில் கணக்கு சரி. கிளினிக்கில் நடப்பது வேறு. பெட்டிகள் வந்ததும் பிரித்து, பெயர், அளவு, பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி பார்த்து, நனைந்ததும் கசங்கியதும் ஒதுக்கி, பதிவேட்டில் ஏற்றுவதற்குள் அரை மாதம் போய்விடும். கடைசி ஒரு மாதத்தில் அந்த மருந்தை யாருக்கும் கொடுக்க முடியாது. இந்த நோயாளிகள் ஒரே தடவையில் 30 நாள் மாத்திரை வாங்கிப்போகிறவர்கள். அவர்கள் கடைசி மாத்திரையை விழுங்கும் நாளிலும் எக்ஸ்பைரி தாண்டியிருக்கக் கூடாது. ஐந்து மாதத்தில் ஒன்றரை மாதம் போக மீதி 3.5 மாதம். 2,160 வீதம் 7,560 மாத்திரைதான் பயன்படும். மீதி 10,440 வீண்.

எனவே உண்மையில் வாங்க வேண்டியது 25,920 கழித்தல் 7,560, அதாவது 18,360. பட்ஜெட்டில் இருப்பதோ 7,920. குறையும் 10,440 மாத்திரை ஏறக்குறைய 5 மாதத் தேவை. பிரஷர் மாத்திரை 5 மாதம் இல்லாமல் போவது என்றால் அந்த 72 பேரில் சிலருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்தை அறக்கட்டளையே பட்ஜெட்டில் எழுதி வைத்ததுபோல. இத்தனைக்கும் நன்கொடையாளர் வாக்கு மாறவில்லை, சொன்ன தேதியில் சொன்ன அளவைக் கொடுத்திருக்கிறார். அவர் தாமதித்தாலோ நிறுத்திவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம்.

முதல் வழியின் அடிப்படைக் குறை இதுதான். வரும் அளவைக் கழிக்கிறது; பயன்படும் அளவைக் கழிப்பதில்லை. வரத்து எவ்வளவு என்று நன்கொடையாளரின் கடிதம் சொல்லும். பயன்படும் அளவு எக்ஸ்பைரி, மாதச் செலவு, ஒரு தடவைக்கு எத்தனை நாள் மருந்து கொடுக்கிறோம் என்ற மூன்றையும் பொறுத்தது. அதைக் கிளினிக்தான் கணக்கிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கான வழிகாட்டு நெறிகளை 1996-இல் வெளியிட்டு 1999-இலும் 2010-இலும் திருத்தியது. நாட்டுக்குள் வந்து சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது அதில் பொதுவான விதி. குறிப்பிட்ட ஒரு மருத்துவ நிலையத்துக்கு நேரடியாகக் கொடுக்கும்போது மட்டும் விலக்கு உண்டு: பெறுபவரிடம் உள்ள பொறுப்பான மருத்துவப் பணியாளர் ஆயுள் குறைவு என்பதை அறிந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அந்த அளவு எக்ஸ்பைரிக்கு முன் பயன்பட்டுத் தீரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கு இந்த விலக்குக்குத்தான். 7,500 வரை கண்ணை மூடாமல், கணக்கோடு ஏற்கலாம். 18,000-ஐ ஏற்க முடியாது.

அப்படியானால் நன்கொடையாளருக்கு என்ன பதில் எழுதுவது? மறுப்பதற்குத் தயங்கி எல்லாவற்றையும் வாங்கிவைப்பவர்கள்தான் அதிகம். இவ்வளவு எழுதினால் போதும்: “எங்கள் மாதச் செலவு 2,160. எக்ஸ்பைரி 5 மாதமாக இருந்தால் 7,500 வரை பெற்றுக்கொள்கிறோம். ஓராண்டுக்கு மேல் ஆயுள் உள்ள பேட்ச் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,000 வீதம் அனுப்ப முடியுமா?” எண்ணோடு பதில் வந்தால் மனம் கோணுகிறவர் குறைவு. அவரிடம் இருக்கும் மீதியை வேறு நிலையத்துக்கு அனுப்பவும் அவருக்கு நேரம் கிடைக்கும்.

நன்கொடையின் உண்மையான மதிப்பு

அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் நன்கொடை மருந்துக்குப் பெரிய தொகை போட்டிருக்கும். பட்டையில் அச்சிட்ட சில்லறை விலையை மொத்த எண்ணிக்கையால் பெருக்கியது அது. அறங்காவலர்கள் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் “இவ்வளவு இலவசமாக வரும்போது வாங்க ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்?” என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நெறிகளும், பெறும் நாட்டில் அதே மருந்தின் ஜெனரிக் வகைக்கான மொத்த விலையில்தான் மதிப்புப் போட வேண்டும் என்கின்றன. கிளினிக்குக்கு இன்னும் எளிய அளவுகோல் உண்டு: இதே மாத்திரையை நாம் கடைசியாக என்ன விலைக்கு வாங்கினோம்?

நாம் வாங்கும் விலை மாத்திரைக்கு 1 அலகு, அச்சிட்ட விலை 4 அலகு என்று வையுங்கள். ரசீதில் 18,000-க்கு 72,000 அலகு. பயன்பட்டதோ 7,560 மாத்திரை, மதிப்பு 7,560 அலகு. அதிலிருந்து கொண்டுவந்த வண்டிக் கூலி, பிரித்து அடுக்கிய ஆள் கூலி, 10,440 மாத்திரையை முறைப்படி அழிக்கும் செலவு எல்லாம் கழிய வேண்டும். இவை எல்லாம் சேர்த்து 2,700 அலகு ஆனால் கையில் நிற்பது 4,860. ரசீதில் உள்ளதில் பதினான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதே நன்கொடையில் 7,500 மட்டும் ஏற்றிருந்தால் அழிக்கும் செலவே இருந்திருக்காது. காலாவதியான மருந்தைக் குழிவெட்டிக் கொளுத்தவோ சாக்கடையில் கொட்டவோ கூடாது, உரிமம் பெற்ற கழிவு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு எடைக்குப் பணம் கேட்பார்கள். பட்ஜெட்டில் இதற்குத் தனி வரி இல்லாத கிளினிக்குகளில் காலாவதியான பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் பின்னறையிலேயே கிடக்கும். நல்ல மருந்து வைக்க இடம் இருக்காது. இன்னும் கவலைக்குரியது, அவசரத்தில் யாராவது அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

முழுத் தேவைக்கும் பணம் ஒதுக்கினால்

இரண்டாவது வழியில் மேலே சொன்ன ஆபத்து எதுவும் இல்லை. நன்கொடை வந்தாலும் வராவிட்டாலும் 25,920 மாத்திரைக்குப் பணம் இருக்கிறது. கணக்கு எளிது, ஒரே ஒரு நர்ஸ் மருந்தையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில்கூட நடக்கும். ஆண்டு மருந்துச் செலவில் நன்கொடையின் பங்கு, மேலே சொன்னதுபோலப் பயன்பட்ட மதிப்பில் பார்த்தால் பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றால், இந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சிறிய தொகைக்காகப் பட்டியல் பிரித்து மாதாமாதம் கணக்குப் பார்க்கும் உழைப்பு தேவையில்லை.

பங்கு அதைவிடப் பெரிதானால் இரண்டு சிக்கல்கள் வரும். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கும் கிளினிக் என்றால், முன்னால் எக்ஸ்பைரி ஆவது முன்னால் போக வேண்டும் என்பதால் நன்கொடை மாத்திரை முதலில் வெளியேறும், வாங்கியது அலமாரியில் காத்திருக்கும். இரண்டு ஆண்டு ஆயுளுள்ள அம்லோடிபினில் இழப்பு வராது. ஆனால் அந்த 3.5 மாதத்துக்கான பணம் மாத்திரையாக முடங்கிக் கிடக்கும்போது கையுறைக்கும் சுகர் ஸ்ட்ரிப்புக்கும் பணம் இல்லாமல் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் கிளினிக்கில் சிக்கல் வேறு வடிவத்தில் வரும். நன்கொடை வந்த காலாண்டில் குறைவாக வாங்குவார்கள், ஆண்டு முடிவில் பணம் மிஞ்சும். மிஞ்சியதைப் பார்த்து அறக்கட்டளை அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டை அந்த அளவுக்கு வெட்டும். அதோடு இரண்டாவது வழி ஓசையில்லாமல் முதல் வழியாக மாறிவிடும். வெட்டுவது யார் என்றால் மருந்துக் கணக்கு தெரிந்தவர் அல்ல, வரவு செலவுத் தாளை மட்டும் பார்ப்பவர்.

பட்டியலைப் பிரிக்கும் வழி

மூன்றாவது வழியில் ஒவ்வொரு மருந்தையும் பார்த்து ஒரே கேள்வி கேட்கிறோம்: இது ஒரு மாதம் இல்லாமல் போனாலோ, இதற்குப் பதில் வேறொன்று வந்தாலோ நோயாளிக்கு என்ன ஆகும்?

உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால், அல்லது மருந்தை மாற்றுவதே ஆபத்து என்றால், அது முதல் பிரிவு. இதற்கு முழுத் தேவைக்கும் பணம் ஒதுக்க வேண்டும். வரும் நன்கொடையை பட்ஜெட் போடும் நாளில் பூஜ்ஜியம் என்றே எழுத வேண்டும். பிரஷர், சுகர், வலிப்பு, தைராய்டு, ஆஸ்துமா மருந்துகள், இன்சுலின், பிரசவத்துக்கான ஆக்ஸிடோசின், அட்ரினலின் எல்லாம் இதில் வரும். நீண்டகால நோய் மருந்துகளை இதில் வைக்கக் காரணம் தட்டுப்பாடு மட்டுமல்ல. இந்தக் காலாண்டில் அம்லோடிபின் இல்லை, லோசார்டன் நன்கொடையாக நிறைய இருக்கிறது என்று 70 பேரை மாற்றினால், ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று தடவை வரவழைத்து பிரஷர் பார்க்க வேண்டும். லோசார்டனுக்குச் சிறுநீரக, பொட்டாசியம் பரிசோதனையும் சேரும், கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு அதைத் தவிர்க்கவும் வேண்டும். அடுத்த காலாண்டில் அது தீர்ந்ததும் திரும்பவும் மாற்ற வேண்டும். இலவச மாத்திரையால் மிச்சமான பணம் பரிசோதனையிலேயே போய்விடும்.

சாம்பிள் மருந்துகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சுகருக்கு வரும் சாம்பிள்களில் பெரும்பாலும் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைகள் இருக்கும்: மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்தது ஒன்று. வீட்டில் ஏற்கெனவே தனிக் கிளிமிபிரைடு வைத்திருக்கும் முதியவர், புதுப் பட்டையின் கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார். சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். சேர்க்கை மாத்திரைகளை நன்கொடையாக ஏற்பதில்லை என்று விதியாகவே எழுதிவைப்பது நல்லது. ஸ்டாக் ரெஜிஸ்டரிலும் கம்பெனிப் பெயரில் பக்கம் திறக்காமல் மருந்தின் பெயர், மி.கி. அளவு, மாத்திரையா சிரப்பா என்பதை வைத்தே பக்கம் திறக்க வேண்டும்.

இன்சுலினைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தது என்பதற்கு வெப்பநிலைப் பதிவு இல்லாமல் வரும் குப்பியை ஏற்கவே கூடாது. ஒருமுறை உறைந்து உருகிய குப்பி பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியலாம். அடுத்தது அளவு. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் உலகில் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிக் கோடிட்ட சிரிஞ்ச். கிளினிக்கிலும் நோயாளி வீட்டிலும் இருப்பது 40-க்கான சிரிஞ்ச். நன்கொடையாக வந்தது 100 யூனிட் குப்பி என்றால், நோயாளி வழக்கம்போல 20 என்ற கோடு வரை இழுப்பார். அது அரை மில்லி. அதில் இருப்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு டோஸ், உயிரே போகலாம். குப்பியை ஏற்கும் முன் சிரிஞ்சைக் கையில் எடுத்து இரண்டிலும் அச்சிட்ட எண் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது பிரிவில் தேவை உறுதியானது, ஆனால் தட்டுப்பட்டால் ஓரிரு நாளில் வாங்கிவிடலாம், எந்தக் கம்பெனி என்றாலும் நோயாளிக்கு வித்தியாசம் இல்லை. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., பூச்சி மாத்திரை அல்பெண்டசோல், இரும்புச்சத்து மாத்திரை, அமிலக் குறைப்பு மாத்திரை போன்றவை. இதில் நன்கொடையைக் கழிக்கலாம். எவ்வளவு என்பதற்கு விதி: கடந்த மூன்று ஆண்டுகளில் நன்கொடை இருப்பிலிருந்து நோயாளிகளுக்கு உண்மையில் கொடுத்த அளவுகளில் மிகக் குறைந்தது எதுவோ அதை மட்டும். பாராசிட்டமால் ஆண்டுத் தேவை 36,000. நன்கொடையிலிருந்து கொடுத்தது முறையே 14,000, 9,000, 16,000 என்றால் கழிப்பது 9,000 மட்டும். 27,000-க்குப் பணம் ஒதுக்க வேண்டும். சராசரியான 13,000-ஐக் கழித்தால் மோசமான ஆண்டில் 4,000 குறையும். இந்தக் கணக்குப் போட ரெஜிஸ்டரில் வரவுக்கு எதிரே நன்கொடையா வாங்கியதா என்ற ஒரு பத்தி வேண்டும், கொடுக்கும்போதும் அதையே குறிக்க வேண்டும். பல கிளினிக்குகளில் வரவில் மட்டும் குறித்துவிட்டுக் கொடுக்கும்போது விட்டுவிடுவார்கள்; பிறகு பயன்பட்டது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது பிரிவு வந்தால் கொடுக்கலாம், வராவிட்டால் வாங்க வேண்டியதில்லை என்பவை: பல வைட்டமின் மாத்திரை, வலித் தைலம் முதலியன. பட்ஜெட்டில் இவற்றுக்குப் பணம் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு வாங்குவது

முதல் பிரிவுக்கு முழுப் பணம் ஒதுக்கினாலும் எல்லாவற்றையும் வாங்கித் தள்ள வேண்டியதில்லை. நன்கொடை வந்து, பரிசோதித்து, அலமாரியில் ஏறிய பிறகு அந்தக் காலாண்டின் ஆர்டரைக் குறைக்கலாம். பட்ஜெட் போடும் நாளில் பூஜ்ஜியம், பொருள் கையில் வந்த நாளில் அதன் பயன்படும் அளவு: இந்த வழி வேலை செய்வது இதனால்தான்.

அம்லோடிபினுக்கே திரும்புவோம். ஆர்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, போட்ட ஆர்டர் வந்துசேர ஒரு மாதம், எதிர்பாராததற்கு ஒரு மாத இருப்பு. மொத்தம் 5 மாதம். 2,160 வீதம் 10,800 வரை கையிருப்பும் ஆர்டரும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆர்டர் போடும் நாளில் எண்ணிப் பார்த்தால் வாங்கிய இருப்பு 3,000, பயன்படக்கூடிய நன்கொடை 7,560. மொத்தம் 10,560. குறைவது 240 மாத்திரை. இந்தக் காலாண்டில் ஆர்டர் வேண்டாம். மூன்று மாதத்தில் 6,480 செலவாகும், மீதி 4,080. அப்போது 6,720-க்கு ஆர்டர். அது வரும் நாளில் கையில் 1,920 இருக்கும், கிட்டத்தட்ட ஒரு மாத இருப்பு. எங்கும் தட்டுப்படவில்லை. நன்கொடையும் வீணாகவில்லை.

இதில் தவறு நேரும் இடம் ஒன்றுதான்: எண்ணாமல் ரெஜிஸ்டரைப் பார்த்து 18,000 இருப்பு என்று எழுதிவிடுவது. ஆர்டர் தாளில் ஒவ்வொரு நன்கொடை பேட்ச்சுக்கும் எக்ஸ்பைரி வரை எத்தனை மாதம், அதில் கொடுக்கக்கூடிய மாதம் எத்தனை, அதைப் பெருக்கினால் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதும் இடம் இருக்க வேண்டும். பயன்படும் அளவுக்கு மேற்பட்டதை இருப்பாக எண்ணக்கூடாது. அன்றே வேறு நிலையத்துக்குக் கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்பைரிக்கு 3 மாதம் இருக்கும்போது கேட்டால் வாங்கிக்கொள்வார்கள், 3 வாரம் இருக்கும்போது யாரும் தொடமாட்டார்கள்.

சாமான்களுக்கு நன்கொடை வராது, ஆனால் நன்கொடையால் செலவு ஏறும்

கையுறை, பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, சிரிஞ்ச் இவற்றை யாரும் தொடர்ந்து தருவதில்லை. எனவே இவை எல்லாமே முதல் பிரிவுதான். கவனிக்க வேண்டியது, மருந்து நன்கொடை இவற்றின் செலவைக் கூட்டும் என்பது. செஃப்ட்ரியாக்சோன் ஊசி மருந்து 500 குப்பி வந்தால், கலக்க ஊசிக்கான தண்ணீர் 500, சிரிஞ்ச் 500, ஊசிமுனைகள், ஸ்பிரிட் பஞ்சு, ஊசிக் கழிவுப் பெட்டிகள் எல்லாம் கூடவே வாங்க வேண்டும். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும் என்பதால் நினைத்ததைவிடக் கூடுதலாகவே வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு வைத்திருந்த சிரிஞ்ச் மூன்றே மாதத்தில் தீர்ந்து, தடுப்பூசி நாளன்று பெட்டி காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் இப்படி வந்த ஒரு நன்கொடைதான் காரணமாக இருக்கும்.

சுகர் பார்க்கும் கருவியை இலவசமாகக் கொடுப்பவர்கள் நிறைய. ஒவ்வொரு கருவிக்கும் அதன் கம்பெனி ஸ்ட்ரிப் மட்டுமே பொருந்தும், பல தயாரிப்புகளில் டப்பாவைத் திறந்த 3 மாதத்துக்குள் முடித்துவிடவும் வேண்டும். நான்கு விதக் கருவி இருந்தால் நான்கு டப்பா திறந்திருக்கும், எதுவும் முடியாமலே காலாவதியாகும். ஒரே மாடலை வைத்துக்கொண்டு மற்றவற்றை அன்போடு திருப்பிவிடுவதே சிக்கனம்.

பணம் போதாதபோது

இவ்வளவும் செய்தபின் கூட்டிப் பார்த்தால் கையில் உள்ள பணத்தைவிடத் தேவை அதிகமாக நிற்கலாம். பெரும்பாலான கிளினிக்குகளில் அப்படித்தான் நிற்கும். அப்போது எல்லா மருந்திலும் பத்து சதவீதம் வெட்டுவது மிகத் தவறான வழி. எல்லாமே ஆண்டுக் கடைசியில் ஒன்றாகத் தீரும். மூன்றாவது பிரிவில் ஏற்கெனவே பணம் இல்லை. அடுத்து வெட்ட வேண்டியது இரண்டாவது பிரிவை. அதில் அமிலக் குறைப்பு, வலி மாத்திரைகளின் நாட்களைக் குறைக்கலாம்: ஐந்து நாள் கொடுப்பதை மூன்று நாளாக்கினால் தேவை நாற்பது சதவீதம் குறையும், பெரும்பாலான நோயாளிகளுக்கு அது போதும். ஓ.ஆர்.எஸ். மட்டும் இதில் தொடக்கூடாது.

அதற்குப் பிறகும் குறைந்தால் அந்தத் தொகையை நன்கொடையாளர்களிடம் பணமாகக் கேட்க வேண்டும். மருந்து கொடுக்க முன்வருபவரிடம் பட்டியலை நீட்டுவதைவிட, “கையில் வந்துவிட்ட நன்கொடை போக இந்த ஆண்டு அம்லோடிபின் 18,360 வாங்க வேண்டும், 12,000-க்குத்தான் பணம் இருக்கிறது, 6,360 மாத்திரைக்கான தொகை தேவை” என்று சொல்வது பலன் தரும். மொத்தமாக வாங்கும் விலையில் அவர் கொடுக்கும் அதே பணத்துக்குச் சில்லறைக் கடையில் அவர் வாங்கித் தருவதைவிடப் பல மடங்கு மாத்திரை வரும். எக்ஸ்பைரியும் பேட்ச்சும் நம் கையில் இருக்கும்.

கடைசியாக, நன்கொடை வந்ததால் ஆர்டர் போடாமல் விட்ட காலாண்டுகளில் மிஞ்சும் பணம். அம்லோடிபினில் 7,560 மாத்திரைக்கான தொகை மிஞ்சியது. அதை மருந்துக்கென்றே தனிக் கணக்கில், இரண்டு மாத வாங்குதலுக்குச் சமமான தொகை சேரும் வரை வைத்திருக்க வேண்டும் என்று அறங்காவலர் கூட்டத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கு மேல் சேருவதைச் சிரிஞ்சுக்கும் கழிவு அகற்றவும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு தேவைக் கணக்கிலிருந்து வர வேண்டும், சென்ற ஆண்டு மிஞ்சியதிலிருந்து அல்ல என்பதும் அதே தீர்மானத்தில் ஒரு வரியாக இருக்கட்டும். பெரிய நன்கொடையாளர் ஒருவர் ஆறு மாதம் நிறுத்தினால் எந்தெந்த மருந்து எந்த மாதம் தீரும் என்று ஒரு தாளில் கணக்கிட்டு அந்தக் கூட்டத்திலேயே வையுங்கள். முதல் பிரிவு மருந்து ஏதாவது அந்தத் தாளில் வந்தால், அது தவறான பிரிவில் இருக்கிறது அல்லது அதற்கு ஒதுக்கிய பணம் வேறு எங்கோ போயிருக்கிறது.